அதிகாலை ரயிலில் வரும் சொந்தங்களுக்கு ரூம்: ஹோட்டலுக்கு ரூமிங் லிஸ்ட் மெயில் எழுதுவது எப்படி

மதுரையில் கல்யாணம். வெளியூர் சொந்தங்களுக்காக ஜங்ஷன் பக்கம் ஒரு ஹோட்டலில் பத்து ரூம் பேசி அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. இரண்டு நாள் கழித்து ஹோட்டலிலிருந்து போன் வரும்: "சார், ரூமிங் லிஸ்ட் மெயில் பண்ணிருங்க." எந்த ரூமில் யார் யார், என்ன கட்டில், எப்போது வருகிறார்கள், எப்போது கிளம்புகிறார்கள் என்று எழுதிக் கொடுப்பதுதான் ரூமிங் லிஸ்ட். முதல் தடவை இந்த வேலை தலையில் விழுந்தவர்கள் பெரும்பாலும் "பெரியப்பா ஃபேமிலி 4, கோயம்புத்தூர் ஆளுங்க 7, மெட்ராஸ் பார்ட்டி 10" என்று நாலு வரி வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டு மண்டப வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

நான் டவுன்ஹால் ரோடு பக்கம் ரிசப்ஷனில் நைட் ஷிஃப்ட் பார்த்தவன், அதனால் கவுண்டருக்கு உள்ளே நின்று சொல்கிறேன். உங்களிடம் போனில் பேசி ரேட் குறைத்துக் கொடுத்தவர் பகலில் வேலை பார்ப்பவர், அவர் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவார். உங்கள் சொந்தங்கள் பெட்டியோடு வந்து நிற்கும்போது கவுண்டரில் இருக்கும் பையனுக்கு உங்களையும் தெரியாது, மாப்பிள்ளை வீட்டாரையும் தெரியாது. அவன் கையில் இருப்பது நீங்கள் அனுப்பிய மெயிலின் பிரிண்ட் மட்டும்தான். அவன் தூக்கக் கலக்கத்தில் பார்த்தாலும் புரிகிற மாதிரி அந்தத் தாள் இருக்க வேண்டும், கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

லிஸ்ட் போடும் முன் ஹோட்டலிடம் கேட்க வேண்டியது

செக் இன் நேரம் எப்படி என்று முதலில் கேளுங்கள். மதுரையில் இரண்டு வகை உண்டு. சில ஹோட்டல்களில் மதியம் 12 மணிக்கு நாள் மாறும், யார் எப்போது வந்தாலும் அடுத்து வரும் மதியம் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டும். இன்னும் பல இடங்களில் 24 மணி நேரக் கணக்கு, சாவி வாங்கிய நேரத்திலிருந்து ஒரு நாள். உங்கள் ஹோட்டல் இதில் எந்த வகை என்பதைப் பொறுத்து மொத்த லிஸ்டும் மாறும், பணமும் மாறும். கணக்கை அப்புறம் போட்டுக் காட்டுகிறேன்.

அடுத்தது, பேசி வைத்த பத்து ரூமில் பெரிய ஒற்றைக் கட்டில் போட்டது எத்தனை, தனித்தனியாக இரண்டு கட்டில் போட்டது எத்தனை, எக்ஸ்ட்ரா பெட் மொத்தம் எத்தனை தர முடியும் என்று கேளுங்கள். லிஸ்ட் கடைசியாக எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதி தாண்டினால், பெயர் வராத ரூமை அவர்கள் வேறு ஆளுக்கு விட்டுவிட வாய்ப்பு உண்டு, முகூர்த்த நாளில் கண்டிப்பாக விடுவார்கள்.

டபுள் என்பது கட்டிலா, ஆளா?

இங்கேதான் பாதிக் குழப்பம். ஹோட்டல்காரர் "டபுள் ரூம்" என்றால் பல சமயம் இரண்டு பேர் தங்கும் ரூம் என்று மட்டும்தான் அர்த்தம், உள்ளே ஒரு கட்டிலா இரண்டு கட்டிலா என்பது அதில் வராது. சித்தப்பாவையும் அவரோடு வரும் ஆபீஸ் நண்பரையும் "டபுள்" என்று எழுதிவிட்டால், ராத்திரி ஒரே மெத்தையில் ஒரே போர்வையோடு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதனால் லிஸ்டில் அந்தச் சொல்லை விட்டுவிட்டு "ஒரே பெரிய கட்டில்", "தனித்தனி இரண்டு கட்டில்" என்று பச்சையாக எழுதுங்கள். ஹோட்டல்காரர் அதை அவர் பாஷையில் டபுள், ட்வின் என்று மாற்றிக்கொள்வார்.

இன்னொரு சங்கதி. சில ஹோட்டல்களில் இரண்டு ஒற்றைக் கட்டிலை ஒட்டிப் போட்டு ஒரே மெத்தை விரிப்பு விரித்து வைத்திருப்பார்கள். பிரித்துப் போடலாம் என்பார்கள், ஆனால் தலைமாட்டுப் பலகை சுவரோடு சேர்த்து அடித்திருந்தால் பிரிக்க வராது. "பிரித்துப் போட முடியுமா?" என்று கேட்பதைவிட, இடுகிய ரூமாக இருந்தால் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடுவது நல்லது. நீங்கள் உள்ளூர்தானே.

மூன்று பேர் ரூம் என்றால் எக்ஸ்ட்ரா பெட் வரும். அது பெரும்பாலும் தரையில் போடும் மெத்தைதான், மடக்குக் கட்டில் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதனால் தரையில் உட்கார்ந்து எழ முடியாத ஆளை மூன்றாவது ஆளாகப் போடாதீர்கள். புருஷன், பெண்டாட்டி, குழந்தை என்றால் பெரிய கட்டிலோடு எக்ஸ்ட்ரா பெட். மூன்று தனி ஆட்கள் என்றால் தனித்தனி இரண்டு கட்டிலோடு எக்ஸ்ட்ரா பெட். இரண்டுமே மூன்று பேர் ரூம்தான், ஆனால் ஹோட்டலுக்கு அவை வேறு வேறு ரூம். இதைப் பிரித்து எழுதாவிட்டால் அவர்கள் கையில் கிடைத்ததைக் கொடுப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

சொந்தங்களிடம் எதைக் கேட்டு வாங்குவது

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ஆளைப் பிடித்து ஐந்தே ஐந்து கேளுங்கள்: ஆதாரில் உள்ளபடி பெயர், போன் நம்பர், குழந்தை இருந்தால் வயது, எந்த ரயில் அல்லது பஸ்ஸில் வருகிறார்கள், திரும்பிப் போவது எப்போது.

பெயர் விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். வீட்டில் எல்லோருக்கும் "செல்வி அத்தை"யாக இருப்பவர் ஆதாரில் முத்துலட்சுமியாக இருப்பார். கவுண்டரில் அவர் கார்டை நீட்டும்போது லிஸ்டில் முத்துலட்சுமி இல்லை, செல்வி இருக்கிறது, பையன் முழிப்பான், பின்னால் எட்டுப் பேர் நிற்பார்கள். லிஸ்டில் பெயர்களை ஆதாரில் உள்ள ஆங்கில எழுத்திலேயே அடித்துவிடுங்கள், அவர்கள் கம்ப்யூட்டரில் அப்படியே ஏற்றிக்கொள்ளலாம். நம் குடும்பங்களில் தாத்தா பெயரைப் பேரன்களுக்கு வைப்பதால் ஒரே பெயரில் இரண்டு பேர் கட்டாயம் இருப்பார்கள், அங்கே இனிஷியலை விடாதீர்கள்.

ஆதார் போட்டோக்களை எல்லாம் வாங்கி மொத்தமாக மெயிலில் அனுப்பும் பழக்கம் ஒன்று இருக்கிறது. வேண்டாம். அது எத்தனை பேர் கண்ணில் படும், எங்கே போய்க் கிடக்கும் என்று சொல்ல முடியாது. பெரியவர்கள் ஒவ்வொருவரும் கார்டைக் கையில் கொண்டு வந்தால் போதும். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வெளிநாட்டு பாஸ்போர்ட்டோடு யாராவது வந்தால் மட்டும் லிஸ்டில் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். அவர்கள் விவரத்தை ஹோட்டல் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும், அதற்கு பாஸ்போர்ட்டும் விசாவும் கேட்பார்கள். முன்கூட்டியே தெரிந்தால் ராத்திரி வந்த ஆளை ரொம்ப நேரம் உட்கார வைக்க மாட்டார்கள்.

யாரை யாரோடு போடுவது என்பதை நான் சொல்லித் தர முடியாது, அது உங்கள் குடும்ப அரசியல். குறட்டை விடும் ஆளை யாரோடு போட்டாலும் திட்டு உங்களுக்குத்தான்.

அதிகாலை ரயில், தேதி, பணம்

இப்போது ஒரு கணக்கு. முகூர்த்தம் 25 ஞாயிறு காலை. மொத்தம் 25 பேர், 10 ரூம். சென்னையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் 10 பேர், 4 ரூம். கோயம்புத்தூரிலிருந்து வேன் பிடித்து 7 பேர், 3 ரூம், சனி மதியம் 1 மணி வாக்கில் வருவார்கள். வைகை எக்ஸ்பிரஸில் 5 பேர், 2 ரூம், சனி இரவு ஒன்பது மணியைத் தாண்டி இறங்குவார்கள். சிங்கப்பூர் குடும்பம் 3 பேர், 1 ரூம், சனி மாலை விமானம்.

வேனும் வைகையும் விமானமும் பிரச்சினை இல்லை, ரூம் தயாராக இருக்கும் நேரம். சிக்கல் பாண்டியனில். வெள்ளி இரவு எழும்பூரில் ஏறுகிறவர்கள் சனி விடிகாலை ஐந்து மணியை ஒட்டி மதுரையில் இறங்கிவிடுவார்கள். அவர்கள் உங்களிடம் சொல்வது "23ஆம் தேதி கிளம்புறோம்" என்று. நீங்கள் 23 என்று லிஸ்டில் எழுதினால் ஹோட்டல் 23 இரவு முழுக்க எதிர்பார்த்துவிட்டு, நடுராத்திரிக்கு மேல் அன்றைய கணக்கை முடிக்கும்போது "ஆள் வரவில்லை" என்று போட்டுவிடும். நைட் ஆடிட் என்பார்கள், நோ ஷோ என்பார்கள். அந்த ரூமின் மறுநாள் புக்கிங்கும் சேர்ந்து போகிற ஆபத்து உண்டு. வெறுமனே 24 என்று எழுதினால் மதியம் 12 மணிக்கு மேல்தான் ரூம் என்று வைத்துக்கொள்வார்கள், முந்தின இரவு அந்த ரூமில் வேறு ஆள் தூங்கிக்கொண்டிருப்பார், உங்கள் பத்துப் பேரும் லாபி சோபாவில்.

12 மணி ஹோட்டலாக இருந்தால் நான் சொல்லும் வழி இது. நாலு ரூமில் இரண்டை மட்டும் 23 வெள்ளியிலிருந்தே எடுத்து அந்த ஒரு நாள் வாடகையைக் கொடுத்துவிடுங்கள். ஐந்து மணிக்கு வந்ததும் பெண்கள் ஒரு ரூம், ஆண்கள் ஒரு ரூம் என்று குளித்து, கொஞ்சம் படுத்து, மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் மதியம் மற்ற இரண்டு ரூமும் கிடைத்துவிடும். ஆக நாலு ரூமுக்கு வெள்ளி 2, சனி 4, மொத்தம் ஆறு நாள் வாடகை. "காலையில் பார்த்துக் கொடுக்கிறோம் சார்" என்று ஹோட்டலில் சொன்னால் நம்பலாம், ஆனால் அது முந்தின இரவு ரூம் காலியாக இருந்தால் மட்டும். முகூர்த்த நாள் கூட்டத்தில் அந்த வாக்கை நம்பி எழுபது வயது பெரியம்மாவை வரவழைக்க நான் தயாராக இல்லை.

இரண்டு ரூமை 23லிருந்து எடுத்தீர்கள் என்றால் லிஸ்டில் இரண்டு தேதியையும் எழுத வேண்டும்: ரூம் 23 வெள்ளியிலிருந்து, ஆள் வருவது 24 சனி காலை 5.20, நோ ஷோ போட வேண்டாம். இந்த ஒரு வரி இல்லாமல் காசும் கொடுத்து ரூமும் இல்லாமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

24 மணி நேர ஹோட்டலில் கதை வேறு. காலை ஐந்தரைக்குச் சாவி தருவார்கள், எல்லோருக்கும் ரூம், சந்தோஷம். ஆனால் ஞாயிறு காலை ஐந்தரைக்கு ஒரு நாள் முடிந்துவிடும், அப்போது எல்லோரும் முகூர்த்தத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பார்கள். சாப்பாடு முடித்து மண்டபத்திலிருந்து திரும்பும்போது இரண்டாவது நாள் ஓடிக்கொண்டிருக்கும். நாலு ரூமுக்கு எட்டு நாள் வாடகை. பதிலுக்கு ஞாயிறு இரவு பாண்டியன் கிளம்பும் வரை ரூம் உங்கள் கையில் இருக்கும். 12 மணி ஹோட்டலில் அது கிடையாது, முகூர்த்தத்துக்குப் போகும் முன்பே பெட்டியைக் கட்டிக் கீழே கொடுத்துவிட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் ஒரு ரூமை மட்டும் சாயங்காலம் வரை நீட்டித்து எல்லோரும் முகம் கழுவிக்கொள்ள வேண்டும். எது லாபம் என்பது வருகிற ஆட்களைப் பொறுத்தது. கைக்குழந்தையும் பெரியவர்களும் அதிகம் என்றால் அந்தக் கூடுதல் இரண்டு நாள் வாடகை வீண் செலவு என்று நான் சொல்ல மாட்டேன்.

திரும்பும் நேரத்தை லிஸ்டில் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். டிக்கெட் இன்னும் போடாதவர்களுக்கு ஒரு யோசனை: தேஜஸில் வரச் சொல்லுங்கள், காலை ஆறு மணிக்கு எழும்பூரில் ஏறினால் மதியம் 12 மணியை ஒட்டி மதுரை, இந்தத் தலைவலியே இல்லை.

மெயிலை எழுதுவது

சப்ஜெக்டில் ரூமிங் லிஸ்ட், யார் பெயரில் புக்கிங், தேதி, எத்தனை ரூம், எத்தனையாவது லிஸ்ட், இவ்வளவும் இருக்கட்டும். உள்ளே முதலில் மொத்தக் கணக்கு, அப்புறம் லிஸ்ட். லிஸ்டை அகர வரிசையில் போடாதீர்கள், சொந்தத்தில் யார் மூத்தவர் என்ற வரிசையிலும் வேண்டாம். வருகிற நேர வரிசையில் போடுங்கள், கவுண்டரில் இருப்பவன் அப்படித்தான் தேடுவான். மெயிலுக்குள்ளேயே லிஸ்டை ஒட்டிவிட்டு, எக்செல் ஷீட்டாகவும் ஒன்று இணைத்துவிடுங்கள். போட்டோ எடுத்து அனுப்பினால் ஒவ்வொரு பெயரையும் திரும்ப அடிக்க வேண்டும், அங்கேதான் எழுத்து மாறும்.

12 மணி ஹோட்டல் என்று வைத்து எழுதினால் மெயில் இப்படி இருக்கும். பெயர்கள் சும்மா எடுத்துக்காட்டுக்கு, நீங்கள் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

> வணக்கம் சார். கல்யாண குரூப் ரூமிங் லிஸ்ட் 1.
>
> மொத்தம் 25 பேர், 10 ரூம். ஒரே பெரிய கட்டில் 4 ரூம், தனித்தனி இரண்டு கட்டில் 6 ரூம். எக்ஸ்ட்ரா பெட் 5.
>
> ரூம் 1: எஸ். முத்துலட்சுமி, கே. சரோஜா, ஆர். வள்ளி. தனித்தனி இரண்டு கட்டில் + எக்ஸ்ட்ரா பெட். ரூம் 23 வெள்ளியிலிருந்து, ஆள் வருவது 24 சனி காலை 5.20, பாண்டியன். நோ ஷோ போட வேண்டாம். காலி செய்வது 25 ஞாயிறு 12 மணி. வெஸ்டர்ன் டாய்லெட் கட்டாயம்.
>
> ரூம் 2: எம். கார்த்திக், டி. செந்தில். தனித்தனி இரண்டு கட்டில். மற்றதெல்லாம் ரூம் 1 போலவே.
>
> ரூம் 3: பி. ரமேஷ், ஆர். கவிதா, குழந்தை வயது 7. ஒரே பெரிய கட்டில் + எக்ஸ்ட்ரா பெட். ரூம் 24 சனி மதியம் 12 மணியிலிருந்து. காலை 5.20க்கே வருவார்கள், அதுவரை ரூம் 1, 2ல் இருப்பார்கள். காலி செய்வது 25 ஞாயிறு 12 மணி.
>
> ரூம் வாடகையும் எக்ஸ்ட்ரா பெட்டும் எங்கள் கணக்கு. ரூமுக்கு வரவழைக்கும் சாப்பாடு, லாண்டரி அவரவர் கொடுப்பார்கள்.

இப்படியே பத்தாவது ரூம் வரை. ஒவ்வொரு ரூமிலும் ஒரு ஆளின் போன் நம்பரைச் சேர்த்துவிடுங்கள், நம்பர் இல்லாத லிஸ்ட் ரயில் லேட்டானால் உதவாது. அனுப்பும் முன் கூட்டிப் பாருங்கள்: பத்து ரூமுக்கும் இரண்டிரண்டு பேர், 20. எக்ஸ்ட்ரா பெட்டில் 5. மொத்தம் 25, சரி. இந்தக் கூட்டல் இடித்தால் எங்கோ ஒரு ஆள் விட்டுப்போயிருக்கிறார், இல்லை ஒருவரை இரண்டு ரூமில் போட்டிருக்கிறீர்கள். கோயம்புத்தூர் வேனின் டிரைவர் இந்த 25ல் இல்லை என்பதையும் கவனியுங்கள். அவர் எங்கே படுப்பார், டிரைவர்களுக்குத் தனி இடம் இருக்கிறதா என்று மெயில் கடைசியில் ஒரு வரி கேட்டுவிடுங்கள், யாரும் நினைக்காத ஆள் அவர்தான்.

குறிப்புகளை அளவோடு எழுதுங்கள். "வெஸ்டர்ன் டாய்லெட் கட்டாயம்" என்பதும் "பக்கத்துப் பக்கத்து ரூம் கிடைத்தால் நல்லது" என்பதும் ஒன்றல்ல. எல்லா ரூமுக்கும் "கீழ்த்தளம், அமைதியான இடம், நல்ல வியூ" என்று எழுதினால் எதையுமே படிக்க மாட்டார்கள். கட்டாயம் என்ற சொல்லை இரண்டு மூன்று இடத்துக்கு மேல் போடாதீர்கள்.

பில் பற்றிய அந்தக் கடைசி வரி சின்னதாகத் தெரியும். அதை எழுதாவிட்டால் பையன்கள் ராத்திரி பதினோரு மணிக்கு வரவழைத்த சிக்கன் ஃப்ரைடு ரைஸ் எல்லாம் உங்கள் மொத்த பில்லில் வந்து உட்காரும்.

லிஸ்ட் மாறும்போது

மாறும். ஒரு மாமாவுக்கு லீவு கிடைக்காது, ஒரு அக்கா கூடவே நாத்தனாரையும் அழைத்து வருவார். அப்போது "ரூம் 6ல் அவருக்குப் பதில் இவர்" என்று தனியாக ஒரு வாட்ஸ்அப் அனுப்பி நிறுத்திவிடாதீர்கள். அதைப் படித்தவர் பிரிண்ட் எடுத்த தாளில் திருத்தினாரா என்பது உங்களுக்குத் தெரியாது. பழைய மெயிலுக்கே பதிலாக முழு லிஸ்டையும் லிஸ்ட் 2 என்று போட்டு அனுப்புங்கள், மேலே "இது வந்ததும் லிஸ்ட் 1ஐக் கிழித்துவிடவும், மாற்றம் ரூம் 6 மட்டும்" என்று எழுதுங்கள். ரூம் எண்ணிக்கை குறைந்தால் மட்டும் மெயிலோடு நிற்காமல் போனும் போடுங்கள், எந்தத் தேதிக்குப் பிறகு விட்ட ரூமுக்கும் காசு என்பது முதலில் பேசியபோதே முடிவாகியிருக்கும்.

ஒவ்வொரு லிஸ்டுக்கும் "கிடைத்தது, ஒப்புக்கொள்கிறோம்" என்று பதில் மெயில் வாங்குங்கள். அதில் எக்ஸ்ட்ரா பெட் எண்ணிக்கையும் 23ஆம் தேதி இரண்டு ரூமும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், வெறும் "ஓகே சார்" என்று வந்தால் திரும்பக் கேளுங்கள்.

கடைசியாக, 23 வெள்ளி இரவு பத்து மணிக்கு மேல் ரிசப்ஷனுக்கு ஒரு போன். அந்த நேரத்துக்குள் நைட் ஷிஃப்ட் ஆள் வந்திருப்பார். "காலையில் அஞ்சு இருபதுக்கு பாண்டியன்ல வர்றவங்களுக்கு ரெண்டு ரூம் இருக்குல்ல தம்பி, பேரை வாசிங்க" என்று கேளுங்கள். அவர் முத்துலட்சுமி என்று வாசித்தால் சரியான தாள் அவர் மேசையில் இருக்கிறது. வாசிக்கத் திணறினால் அங்கேயே லிஸ்டைத் திரும்ப மெயிலில் தட்டிவிட்டு, பிரிண்ட் எடுத்துவிட்டேன் என்று அவர் சொல்லும் வரை போனை வைக்காதீர்கள்.